அவள் ஏன் தேர்வெழுதப் போனாள்?

1984 மார்ச் மாத இறுதியில், பஞ்சாபின் லூதியானா மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதிக்கொண்டிருந்த சிறுமி ஒருத்தி அன்றைய தேர்வை முடித்துவிட்டு நண்பகலில் தாய்மாமன் வீட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பதினாறு வயது நிரம்பியிருக்கவில்லை. பின்னால் வந்த காரில் அவள் வலுக்கட்டாயமாக ஏற்றப்பட்டாள். கத்தினால் கொன்றுவிடுவோம் என்று மிரட்டப்பட்டாள். வயற்புறத்தில் ஆழ்துளைக் கிணற்றையொட்டி இருந்த மோட்டார் அறையொன்றில் மூவர் அன்றிரவு அவளை வன்புணர்ந்தனர். மறுநாள் காலை, கடத்தப்பட்ட இடத்துக்கு அருகிலேயே அவளை இறக்கிவிட்டுச் சென்றனர். அன்றும் அவளுக்குத் தேர்வு இருந்தது. அவள் பள்ளிக்குச் சென்று அதை எழுதினாள். பிறகு ஊருக்குப் போய்த் தாயிடம் நடந்ததைச் சொன்னாள்.

குற்றம் சாட்டப்பட்டோரை விசாரணை நீதிமன்றம் 1985 ஜூனில் விடுதலை செய்தது. அதற்கு அது கூறிய காரணங்கள், பாதிக்கப்பட்டோரியல் என்னும் துறையைப் பயிலும் எவரும் ஒருமுறையேனும் நிதானமாகப் படிக்க வேண்டியவை. அந்தக் கார் ஃபியட்டா, அம்பாசடரா, மாஸ்டரா என்று அவளுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. கார் பேருந்து நிறுத்தத்தைக் கடந்தபோது அவள் கூச்சலிடவில்லை. மறுநாள் தேர்வுக்கூடத்தில் தோழியரிடமோ ஆசிரியைகளிடமோ அவள் ஒன்றும் சொல்லவில்லை. காவல் நிலையத்துக்குப் போகத் தாமதமாயிற்று. இவற்றையெல்லாம் அடுக்கிய பிறகு, அவள் ஒழுக்கம் தளர்ந்த பெண் என்றும், ஓர் இரவை வீட்டுக்கு வெளியே கழித்ததை மறைக்கவே கதை புனைந்தாள் என்றும் நீதிமன்றம் கருதியது.

இந்தப் பட்டியலில் ஒன்றைக் கவனிக்கலாம். முதல் நான்கும் அவளுடைய வாக்குமூலத்தின் நம்பகத்தன்மையைப் பற்றியவை. தவறாகவே மதிப்பிடப்பட்டிருந்தாலும் அவை சாட்சிய மதிப்பீடு என்னும் எல்லைக்குள் வருகின்றன. ஐந்தாவது அப்படிப்பட்டதன்று. அது அவளைப் பற்றிய தீர்ப்பு. மூன்று ஆண்கள் குற்றவாளிகளா என்று கேட்கக் கூடிய மன்றம், ஒரு சிறுமி எப்படிப்பட்டவள் என்ற விடையோடு கலைந்தது. இந்த நழுவல் எங்கிருந்து வருகிறது என்பதே கேள்வி.

கல்விப்புலத்தில் அதற்கு ஒரு வரலாறு உண்டு. குற்றத்தில் பாதிக்கப்பட்டவரின் பங்கு என்ன என்று கேட்பதில் தொடக்கத்தில் கெட்ட நோக்கம் எதுவும் இருந்ததில்லை. 1948இல் ஹான்ஸ் வான் ஹென்டிக் எழுதிய நூல், குற்றவாளியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்த குற்றவியலைச் சற்றுத் திரும்பி மறுபக்கத்தையும் பார்க்கச் சொன்னது. அடுத்து வந்த மார்வின் வுல்ஃப்காங் அந்தப் பார்வைக்கு ஓர் அளவுகோலைக் கொடுத்தார். பிலடெல்பியா நகரக் காவல்துறையின் கோப்புகளிலிருந்து 1948 முதல் 1952 வரை நிகழ்ந்த 588 கொலைகளை அவர் ஆராய்ந்தார். அவற்றில் 150 கொலைகளில், அதாவது ஏறத்தாழ நூற்றுக்கு 26இல், இறந்தவரே முதலில் உடல்வன்முறையைக் கையாண்டிருந்தார். இவற்றையே அவர் ‘பாதிக்கப்பட்டவரின் தூண்டுதலால் நேர்ந்தவை’ என்று வகைப்படுத்தினார். மதுக்கடைச் சண்டையில் முதலில் கத்தியை உருவியவன் இறுதியில் அதே கத்தியால் மாண்டுபோவது போன்ற நிகழ்வுகள் அவை. அந்த வரையறையின் வலிமை அதன் குறுகலில் இருந்தது. முதல் அடி யாருடையது? இதற்குச் சாட்சிகள் இருக்கலாம், காயங்கள் இருக்கலாம். விடை தவறாக இருந்தால் தவறு என்று காட்டவும் முடியும். இறந்தவர் நல்லவரா கெட்டவரா என்ற வினாவுக்கு அங்கே இடமே இல்லை.

வுல்ஃப்காங்கின் மாணவர் மெனாகிம் அமீர் இதே அளவுகோலை வன்புணர்வுக்கு எடுத்துச் சென்றார். அதே பிலடெல்பியா, அதே காவல்துறைக் கோப்புகள். 1958, 1960 ஆகிய இரு ஆண்டுகளின் 646 நிகழ்வுகளை ஆராய்ந்து 1971இல் வெளியிட்ட நூலில், அவற்றுள் நூற்றுக்கு 19 பங்கு பாதிக்கப்பட்டவரின் தூண்டுதலால் நேர்ந்தவை என்றார். எண் சிறிதாகத் தோன்றலாம். அதை அவர் எப்படிப் பெற்றார் என்பதில்தான் சிக்கல். வன்புணர்வில் பாதிக்கப்பட்டவர் கொடுக்கும் ‘முதல் அடி’ என்று ஒன்று கிடையாது. ஆகவே அந்த இடத்தில் வேறு எதையாவது வைக்க வேண்டியிருந்தது. பெண் முதலில் இசைந்தாள், அல்லது இசைந்ததாகக் கருதப்பட்டாள், பிறகு பின்வாங்கினாள், அல்லது போதிய வலுவோடு எதிர்க்கவில்லை என்பவை அங்கே வைக்கப்பட்டன. அவள் மது அருந்தியிருந்ததும், ஊரில் அவளுக்கிருந்த பெயரும்கூட உள்ளே வந்தன. ‘கருதப்பட்டாள்’ என்ற அந்த ஒரு சொல்லில் எல்லாம் இருக்கிறது. யார் கருதியது? குற்றம் செய்தவன் கருதியது, பிறகு அதைப் பதிவுசெய்த காவலர் கருதியது. ஓர் அலுவலகத்தின் முன்முடிவை அந்த அலுவலகத்தின் கோப்பிலிருந்தே எண்ணி எடுத்து, அதைப் பெண்களின் நடத்தை பற்றிய புள்ளிவிவரமாக வெளியிட்டது அந்த ஆய்வு. குர்ட் வைஸ், சாண்ட்ரா போர்ஜஸ் ஆகிய இருவரும் 1973இல் எழுதிய கட்டுரை இந்த இடத்தைத்தான் சுட்டியது. வன்புணரத் தகுந்தவள் என்றொரு வகைப் பெண்ணைச் சமூகம் முன்கூட்டியே உருவாக்கி வைத்திருக்கிறது. அந்த வகையில் அடைக்கப்பட்டவளுக்குப் பின்னர் பாதிப்பு என்பதே மறுக்கப்படுகிறது.

செயலை அளக்கப் பிறந்த கோல் பெயரை அளக்கத் தொடங்கியபோது கருத்தாக்கம் கெட்டது. அந்தக் கோலின் மீது மட்டும் பழிபோட்டுவிட்டு நகர்வதும் சரியாகாது. லூதியானாவில் தீர்ப்பெழுதிய நீதிபதி அமீரைப் படித்திருக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அமீருக்கு ஒரு நூற்றாண்டு முன்பே அவருடைய வரையறை இந்தியச் சட்டப் புத்தகத்தில் அச்சாகியிருந்தது.

1872ஆம் ஆண்டின் இந்திய சாட்சியச் சட்டத்தில் 155ஆவது பிரிவு, ஒரு சாட்சியின் நம்பகத்தன்மையை எந்தெந்த வழிகளில் தாக்கலாம் என்று கூறியது. அதன் நான்காவது உட்பிரிவு, ஒருவன் வன்புணர்வுக்கோ அதற்கான முயற்சிக்கோ விசாரிக்கப்படும்போது, குற்றம்சாட்டிய பெண் பொதுவாக ஒழுக்கக்கேடான நடத்தையுள்ளவள் என்று நிரூபிக்கலாம் என்றது. அதே சட்டத்தின் 54ஆவது பிரிவை இதனருகில் வைத்துப் படிக்க வேண்டும். குற்றவியல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவரின் கெட்ட நடத்தை பொருத்தமற்றது. அவரே தம் நன்னடத்தைக்குச் சாட்சியம் கொண்டுவந்தாலொழிய அதைப் பேசக்கூடாது என்கிறது அது. இந்த 54 நல்ல விதி. பழைய தவறுகளுக்காக ஒருவரைப் புதிய குற்றத்தில் தண்டித்துவிடக்கூடாது என்பது நீதியின் அடிப்படை. ஆனால் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது வழக்கறைக்குள் கிடைக்கும் காட்சி வேறு. கூண்டில் நிற்பவனின் கடந்த காலத்துக்குப் பூட்டு. சாட்சி சொல்ல வந்தவளின் கடந்த காலத்துக்குத் திறவுகோல். நூற்று முப்பது ஆண்டுகள் இது நடைமுறையில் இருந்தது.

பாதிக்கப்பட்டோரியலில் ‘இரண்டாம் நிலைப் பாதிப்பு’ என்ற தொடரை மருத்துவமனையில் காக்க வைத்தல், காவல் நிலையத்தில் ஏளனம், உறவினரின் வசை என்று பலவற்றுக்கும் பயன்படுத்துகிறார்கள். எல்லாம் உண்மையே. ஆயினும் நீதிமன்றத்தில் அதற்கு ஒரு தனித்தன்மை உண்டு. மற்ற இடங்களில் அது விதிமீறலாக நிகழ்கிறது. இங்கே நெடுங்காலம் விதியின்படியே நிகழ்ந்தது. குறுக்கு விசாரணையில் எழும் ஒரு கேள்வி நாகரிகமற்றதாக இருக்கலாம், ஆனால் 155(4) இருந்தவரை அது சட்டத்துக்குப் புறம்பானதன்று. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் தம் கட்சிக்காரருக்காகத் தம் கடமையைச் செய்கிறார் என்றே சொல்ல முடிந்தது.

இந்தப் பாதிப்பு பெரும்பாலும் ஆவணத்தில் தங்குவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்திய விசாரணை நீதிமன்றங்களில் சாட்சியம் பொதுவாகக் கேள்வி பதிலாக எழுதப்படுவதில்லை. சாட்சி தாமே தொடர்ச்சியாகச் சொன்னதுபோல் எழுதப்படுகிறது. தேவைப்பட்டால் கேள்வி பதிலாகவும் எழுத நீதிபதிக்கு அதிகாரம் உண்டு என்றாலும் வழக்கம் முன்னதே. ஆகவே, ஒரு பெண் எத்தனை முறை ஒரே செயலை விவரிக்கச் சொல்லிக் கேட்கப்பட்டாள், எந்தத் தொனியில், எந்தச் சொற்களில் என்பதெல்லாம் தாளுக்கு வருவதில்லை. தமிழ்நாட்டு நீதிமன்றச் சாட்சியத் தாள்களைப் புரட்டியவர்களுக்கு ‘என்று சொன்னால் சரியல்ல’ என்று முடியும் வரிகள் பழக்கமானவை. எதிர்த்தரப்பு முன்வைத்த யோசனையைச் சாட்சி மறுத்தார் என்பதற்கான மரபுத்தொடர் அது. ‘எனக்கு வேறு ஆண்களோடு பழக்கம் இருந்தது என்று சொன்னால் சரியல்ல.’ மேல்முறையீட்டு நீதிபதி படிப்பது இந்த ஒற்றை வரியை மட்டும்தான். அந்த வரி உருவான அரைமணி நேரத்தை அவர் படிக்க வழியில்லை. இரண்டாம் நிலைப் பாதிப்பை வழக்குக் கோப்புகளைக் கொண்டு மட்டும் ஆராய்பவர் அதைக் குறைத்தே மதிப்பிடுவார். அமீர் செய்த பிழையின் மறுதலை இது.

பஞ்சாப் வழக்குக்குத் திரும்பலாம். விடுதலையை எதிர்த்து மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. ‘பஞ்சாப் மாநிலம் எதிர் குர்மீத் சிங்’ என்று சட்ட மாணவர்கள் அறிந்த தீர்ப்பு 1996 ஜனவரியில் வந்தது. நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் அதை எழுதினார். விசாரணை நீதிமன்றத்தின் காரணங்களை அவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பதில் சொன்ன முறை, பெரிய கோட்பாடு எதையும் பேசாமல் பாதிக்கப்பட்டோரியலை நடைமுறையில் செய்து காட்டியது எனலாம். கார் வகைகளின் வேறுபாடு ஒரு கிராமத்துச் சிறுமிக்குத் தெரியாமலிருப்பதில் வியப்பில்லை. கொலை மிரட்டலுக்குள் இருந்தவள் பேருந்து நிறுத்தத்தில் கூச்சலிடவில்லை என்பதைக் குறையாகச் சொல்வது பொருந்தாது. தேர்வுக்கூடத்தில் தோழியரிடம் அதைச் சொல்லாமல் வீட்டுக்குப் போய்த் தாயிடம் முதலில் சொன்னது மிக இயல்பான நடத்தை. தன் மானத்தோடு பிணைந்த ஒன்றை வெளியே சொல்ல அவள் தயங்கியதில் ஐயுற எதுவுமில்லை. தாமதத்துக்கும் விளக்கம் இருந்தது. தந்தை அன்று மாலைதான் வீடு திரும்பினார். அவர் ஊர்த்தலைவரிடம் சென்றார், பஞ்சாயத்து கூடியது, அங்கே நியாயம் கிடைக்காதபோதுதான் குடும்பம் காவல்துறையை நாடியது. ஒழுக்கம் தளர்ந்தவள் என்ற முடிவுக்கு ஆவணத்தில் எந்த அடிப்படையும் இல்லை. அப்படியே இருந்தாலும், ஒரு பெண்ணின் கடந்த காலம் அவளை வன்புணர எவருக்கும் உரிமம் ஆகாது. விசாரணையில் நிற்பது குற்றம் சாட்டப்பட்டவரே அன்றிப் பாதிக்கப்பட்டவர் அல்லர்.

அவள் ஏன் தேர்வெழுதப் போனாள் என்ற கேள்வியைச் சற்று நேரம் கையில் வைத்துப் பார்க்கலாம். விசாரணை நீதிமன்றத்தின் கண்ணுக்கு அது பொய்யின் அடையாளம். அப்படியொன்று நடந்திருந்தால் எவளால் அமர்ந்து தேர்வெழுத முடியும்? ஆனால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் ஒரு தாளைத் தவறவிட்டால் ஓராண்டு போய்விடும் என்று அறிந்த ஒரு கிராமத்து மாணவிக்கு, பள்ளியருகே இறக்கிவிடப்பட்ட அந்தக் காலையில், தன் கட்டுப்பாட்டில் மிச்சமிருந்த ஒரே செயலாக அது இருந்திருக்கவும் கூடும். உண்மையான பாதிப்பு இப்படித்தான் தெரியும் என்று ஒரு வார்ப்பு நீதிமன்றத்தின் மனத்தில் முன்பே இருந்தது. அழுகை, கூச்சல், உடனடிப் புகார் ஆகியவை அந்த வார்ப்பின் உறுப்புகள். அதில் பொருந்தாதவள் பாதிக்கப்பட்டவளே அல்லள் என்றாகிவிடுகிறது. தூண்டுதல் கோட்பாடு ‘அவள்தான் வரவழைத்தாள்’ என்கிறது. இந்த வார்ப்பு ‘அவளுக்கு ஒன்றும் நடக்கவில்லை’ என்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை. என்றாலும் ஒரே தீர்ப்பில் இரண்டும் உடன் உறைந்தன.

அத்தீர்ப்பு விசாரணை நீதிபதிகளுக்கு இட்ட கட்டளைகளில் முதன்மையானது, குறுக்கு விசாரணையின்போது அவர்கள் வாய்மூடிப் பார்வையாளர்களாக அமர்ந்திருக்கக்கூடாது என்பது. பொதுமக்களை விலக்கித் தனியறையில் விசாரிக்க வேண்டும் என்ற விதியையும் அது வலியுறுத்தியது. அந்த விதி ஏதோ 1996இல் புதிதாக வந்ததன்று. 1983ஆம் ஆண்டுத் திருத்தமே அதைக் கட்டாயமாக்கியிருந்தது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்தும் அப்படியொரு விதி இருப்பதை உச்ச நீதிமன்றம் நினைவூட்ட வேண்டியிருந்தது.

மூவருக்கும் வன்புணர்வுக்காக ஐந்தாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. அவர்களது இளவயது, இடையில் ஓடிப்போன பதினொரு ஆண்டுகள், அதற்குள் அவர்கள் மணமாகிக் குடும்பமாக வாழ்ந்தது ஆகியவை தண்டனையைக் குறைக்கும் காரணங்களாயின. அந்தப் பதினொரு ஆண்டுகள் அவளுக்கும் ஓடியிருந்தன என்பதைச் சொல்ல அந்த நிலையில் வழக்கில் எவரும் இல்லை.

155(4) சட்டத்திலிருந்து நீக்கப்பட்டது 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். பெண்ணின் பொதுவான ஒழுக்கம் பற்றிக் குறுக்கு விசாரணையில் கேள்வி கேட்பதும் அதே திருத்தத்தில் தடைசெய்யப்பட்டது. டெல்லி நிகழ்வுக்குப் பிந்தைய 2013ஆம் ஆண்டுத் திருத்தம் இன்னும் ஒரு படி சென்றது. இசைவு இருந்ததா என்பது வினாவாக உள்ள பாலியல் குற்ற வழக்குகளில், பாதிக்கப்பட்டவரின் நடத்தையோ எவரோடும் அவருக்கிருந்த முந்தைய பாலுறவு அனுபவமோ பொருத்தமற்றது என்று அது அறிவித்தது. இவை இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தின் 48, 149 ஆகிய பிரிவுகளில் இருக்கின்றன.

கதவு மூடப்பட்டதா? பெருமளவுக்கு மூடப்பட்டது. ஆனால் பழைய கேள்வி வேறு உடையில் வரத் தெரிந்துகொண்டது. தடை, ஒழுக்கத்தையும் முந்தைய பாலுறவையும் பற்றியது. குற்றம் சாட்டப்பட்டவருக்கும் அவளுக்கும் இடையே இருந்த பழக்கம், அவள் புகார் கொடுக்க வேறு நோக்கம் இருந்ததா என்பது, நிகழ்வுக்குப் பிறகு அவள் அனுப்பிய கைபேசிச் செய்திகள் ஆகியவற்றைக் கேட்க எதிர்த்தரப்புக்கு நியாயமான உரிமை உண்டு. அந்த உரிமையைப் பறித்துவிட்டால் பொய் வழக்கில் சிக்கியவருக்குத் தற்காப்பே இல்லாமற்போகும். அதை மறுப்பவர்கள் பாதிக்கப்பட்டோருக்கு நன்மை செய்வதாகத் தோன்றவில்லை. ஆகவே ஒரு கேள்வி எல்லையைக் கடந்துவிட்டதா என்று அறிய ஒரு சோதனை தேவைப்படுகிறது. வுல்ஃப்காங்கின் குறுகிய வரையறை இங்கே எதிர்பாராத வகையில் உதவுகிறது: கேள்வி ஒரு செயலைப் பற்றியதா, ஓர் ஆளைப் பற்றியதா? ‘அன்று இரவு ஒன்பது மணிக்கு நீங்கள் அவரைத் தொலைபேசியில் அழைத்தீர்களா?’ என்பது செயலைப் பற்றியது. பதிவேட்டைக் கொண்டு சரிபார்க்கக் கூடியது. ‘இரவு ஒன்பது மணிக்கு ஆண்களை அழைக்கும் பழக்கம் உங்களுக்கு உண்டல்லவா?’ என்பது ஆளைப் பற்றியது. இரண்டாவதற்கு ‘ஆம்’ என்றாலும் ‘இல்லை’ என்றாலும் வழக்கின் உண்மை ஓரங்குலமும் நகர்வதில்லை. கேட்கப்பட்டதே அதன் பயன்.

இரண்டாவது கேள்வி எழும்போது எழுந்து நின்று மறுப்புத் தெரிவிப்பவர் யார்? பாதிக்கப்பட்டோரின் விசாரணைக்கால உரிமைகள் பற்றிய பேச்சு வந்து நிற்கும் இடம் இது. இந்தியக் குற்றவியல் வழக்கில் தரப்புகள் இரண்டே: அரசும், குற்றம் சாட்டப்பட்டவரும். பாதிக்கப்பட்டவர் தரப்பு அல்லர். அரசுத் தரப்பின் சாட்சி. அவருக்காக மறுப்புச் சொல்ல வேண்டியவர் அரசு வழக்கறிஞர். அவரோ அன்றைக்கே பல வழக்குகளின் கட்டுகளோடு வந்தவர். பல நேரங்களில் அந்தச் சாட்சியை அன்று காலைதான் முதன்முதலாகச் சந்தித்தவர்.

பாதிக்கப்பட்டவர் சொந்தமாக வழக்கறிஞர் வைத்துக்கொள்ளலாம். 2009இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதற்கு வழிசெய்தது. ஆனால் அந்த வழக்கறிஞர் செய்யக்கூடியது ‘அரசுத் தரப்புக்கு உதவுதல்’ மட்டுமே. அந்த உதவி எவ்வளவு தூரம் செல்லும் என்பது மேற்கு வங்கத்திலிருந்து வந்த ஒரு கொலை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. ரேகா முரார்கா வழக்கு என்று அறியப்படும் அதில், கொல்லப்பட்டவரின் மனைவி தம் வழக்கறிஞர் வாய்மொழி வாதம் செய்யவும், அரசு வழக்கறிஞருக்குப் பிறகு சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும் அனுமதி கேட்டார். 2019இல் வந்த விடை, இல்லை என்பதே. விசாரணையை நடத்துவது அரசு வழக்கறிஞர். இருவர் இரண்டு திசையில் இழுத்தால் அது குற்றம் சாட்டப்பட்டவரின் நியாயமான விசாரணைக்கு ஊறாகும். விடுபட்ட கேள்வி இருந்தால் அரசு வழக்கறிஞரிடம் சொல்லலாம். அவர் கேட்காவிட்டால் நீதிபதியின் கவனத்துக்குக் கொண்டுவரலாம். சாட்சிய விசாரணை முடிந்த பிறகு அனுமதி பெற்று எழுத்து வடிவில் வாதம் தரலாம். தர்க்கம் புரிகிறது. ஆனால் அவமதிக்கும் கேள்வி என்பது அந்தக் கணத்தில் தடுக்கப்பட வேண்டியது. ஒரு துண்டுத்தாளில் எழுதி முன்வரிசைக்கு அனுப்பி, அதை அவர் படித்து, எழுவதற்குள் சாட்சி பதில் சொல்லி முடித்திருப்பார். எழுத்து வடிவிலான வாதத்தால் அந்தக் கேள்வியைத் திரும்பப் பெற இயலாது.

விசாரணைக்கு வெளியே இருக்கும் கட்டங்களில் நிலைமை உண்மையிலேயே மாறியிருக்கிறது. லக்கிம்பூர் கேரி வழக்கில் பாதிக்கப்பட்டோரைச் சரிவரக் கேட்காமல் வழங்கப்பட்ட பிணையை 2022இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது, புலனாய்வு முதல் மேல்முறையீடு வரை ஒவ்வொரு கட்டத்திலும் கேட்கப்படும் உரிமை அவர்களுக்கு உண்டு என்றது. புலனாய்வின் முன்னேற்றத்தை 90 நாட்களுக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது புதிய நடைமுறைச் சட்டம். விடுதலையை எதிர்த்து அவர்களே மேல்முறையீடு செய்யலாம். 1985இல் பஞ்சாப் அரசு மேல்முறையீடு செய்யாமல் விட்டிருந்தால் அந்தச் சிறுமிக்கு இந்த உரிமை இருந்திருக்காது, இன்றைக்கு இருக்கிறது. விடுதலை, குறைந்த குற்றத்துக்கான தண்டனை, போதாத இழப்பீடு ஆகிய மூன்றுக்கும் இது பொருந்தும். தண்டனை போதாது என்பதற்கு மட்டும் பொருந்தாது. அந்த ஐந்தாண்டுத் தண்டனையைப் போன்ற ஒன்று இன்று கீழ்நீதிமன்றத்தில் விதிக்கப்பட்டால், அது குறைவு என்று மேல்முறையீடு செய்ய அரசால் முடியும், அவளால் முடியாது.

ஆக, சாட்சிக் கூண்டில் நிற்கும் நேரத்தில் எஞ்சியிருப்பவர் நீதிபதி. அவர் கையில் அதிகாரம் குறைவில்லை. அநாகரிகமான கேள்விகளையும் இழிவுபடுத்தும் நோக்குடைய கேள்விகளையும் தடுக்கும் பிரிவுகள் 1872லிருந்தே சட்டத்தில் இருக்கின்றன. அவை அடைத்துவைத்த மருந்துபோல் இருந்தன என்பது வேறு. சாக்ஷி என்னும் அமைப்பு தொடுத்த வழக்கில் 2004இல் உச்ச நீதிமன்றம் ஒரு புதிய ஏற்பாட்டைச் சொன்னது. சாட்சிக்கும் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் இடையே திரை வேண்டும். நிகழ்வைப் பற்றிய குறுக்கு விசாரணைக் கேள்விகளை எதிர்த்தரப்பு எழுதி நீதிபதியிடம் கொடுக்க, அவர் தெளிவான, கூச்சம் தராத மொழியில் கேட்க வேண்டும். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆவது பிரிவு இதைச் சட்டமாகவே ஆக்கியது. அங்கே இரு தரப்பு வழக்கறிஞர்களின் கேள்விகளும் நீதிபதி வழியாகவே குழந்தையைச் சென்றடைய வேண்டும். ஆவேசமான கேள்விகளையும் நடத்தைப் பழிப்பையும் அவர் அனுமதிக்கக்கூடாது. பதினாறு வயது நிரம்பாத அந்த மாணவியின் வழக்கு இன்று இந்தச் சட்டத்தின் கீழ்தான் வரும்.

இந்த ஏற்பாடு செயல்படுகிறதா என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. எதிர்த்தரப்பு எழுதிக் கொடுத்த கேள்விகளையும், நீதிபதி உண்மையில் கேட்ட கேள்விகளையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். ‘நீ விருப்பத்தோடுதானே காரில் ஏறினாய்?’ என்று தாளில் இருப்பது, ‘காரில் எப்படி ஏறினாய்?’ என்று குழந்தையின் காதுக்குப் போயிருந்தால் நீதிபதி வேலை செய்திருக்கிறார். சொல் மாறாமல் போயிருந்தால் அவர் வெறும் ஒலிபெருக்கி. அங்கியின் நிறம்கூட மாறவில்லை. ஆனால் அப்படி ஒப்பிட, அந்தத் தாளை வழக்குக் கோப்பில் வைத்திருக்க வேண்டும். நீதிபதி கேட்டதைக் கேள்வி பதிலாகவே எழுதியிருக்கவும் வேண்டும். தாள் எதிர்த்தரப்பு வழக்கறிஞரோடு வெளியேறி, சாட்சியம் வழக்கம்போல் ‘என்று சொன்னால் சரியல்ல’ என்ற வரிகளாகச் சுருங்கினால், 33ஆவது பிரிவு பின்பற்றப்பட்டதா மீறப்பட்டதா என்பது அந்த அறையில் இருந்தவர்களுக்கு மட்டுமே தெரியும். அவர்களுள் அதைச் சொல்லக் காரணமுள்ளவள் ஒருத்தியே. அவள் சாட்சியம் முடிந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பாள்.